பதினேழு வருஷத்துக்கு ஒரு வரி

பயோடேட்டாவில் தெயோவின் வாழ்க்கை ஏழு பக்கம் இருந்தது. அதை இரண்டு பக்கமாக்கிக் கொண்டுவா என்றால் எந்த மனிதனுக்கும் கோபம் வரும். ஆனால் வேலை இல்லாத மனிதனுக்குக் கோபப்படவும் வசதி போதாது.

ஐம்பத்து மூன்று வயது. தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் சாமான் செய்யும் கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்து, இருபது வருஷத்தில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் வரை ஏறியவர். வரிச்சலுகை தீர்ந்ததும் கம்பெனி புதுச் சலுகையைத் தேடி இமாச்சலப் பிரதேசத்துக்குப் போய்விட்டது. போகிற நாளில் எல்லாருக்கும் ஒரு கம்பளிச் சால்வை போர்த்தினார்கள். பனிமலைக்குப் போகிறவர்கள் அவர்கள், சால்வை மட்டும் புதுச்சேரி வெயிலுக்கு.

அதற்கப்புறம் தெயோ எழுதிப் போட்ட விண்ணப்பங்களில் ஒன்றுக்கும் பதில் இல்லை. தபால்காரர் மூலக்குளத்துக்கு வருவார், தெருவில் எல்லா வீட்டுக்கும் நிற்பார், தெயோ வீட்டு வாசலில் மட்டும் சைக்கிள் மணியை அடித்தபடியே போய்விடுவார். அந்த மணியே தன்னைக் கிண்டல் செய்வதாகத் தெயோவுக்குப் படத் தொடங்கிய நாளில், அல்பேர் அண்ணன் வந்தார்.

அல்பேர், தெயோவின் பெரியப்பா மகன். அறுபத்திரண்டில், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சு நேஷனாலிட்டி வேண்டுமா என்று ஆறு மாதம் அவகாசம் கொடுத்துக் கேட்டார்கள். பெரியப்பா முதல் வாரமே போய்க் கையெழுத்துப் போட்டார். தெயோவின் அப்பா, கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்தார். ஆறு மாதமும் கூட்டம் குறையவில்லை. விளைவு, அல்பேர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பி, கடற்கரைக்குப் பக்கத்தில் விருந்தினர் விடுதி நடத்துகிறார். தெயோ சால்வையோடு இருக்கிறார்.

"தம்பி, சும்மா எதுக்கு வீட்ல இருக்க? நம்ம விடுதி கேட்டுல உக்காரு. வர்றவங்களுக்கு ஒரு போன்ழூர். போறவங்களுக்கு ஒரு சல்யூட். அவ்வளவுதான்."

"வாட்ச்மேனா அண்ணே?"

"வாட்ச்மேன்னு ஏன் சொல்ற? பிரெஞ்சுல கர்தியேன். கேக்கவே எப்படி இருக்கு பாரு." சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துத் தெயோவின் தோளை அளந்தார். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வர்றேன். அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லிடு."

அவர் போன பிறகு தெயோ மனைவி மார்கரீத்தைப் பார்த்தார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வேற ஒண்ணும் வரலைன்னா போங்க. அவரு ஒண்ணும் அந்நியர் இல்லையே," என்றாள், தலை நிமிராமல்.

அந்நியராக இருந்தால் தெயோ அன்றைக்கே போயிருப்பார். சிறு வயதில் அல்பேர் கழித்துப் போட்ட காற்சட்டையை அணிந்து வளர்ந்தவர், இப்போது அல்பேரின் கேட்டில் நின்று அல்பேருக்கே சல்யூட் அடிக்க வேண்டும். நினைக்கும்போதெல்லாம் வலது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

அந்த வாரம் பேப்பரில் ஒரு விளம்பரம். வில்லியனூர் சாலையில் புதிதாக வந்திருக்கும் இறால் குளிர்பதனக் கிடங்குக்கு மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் தேவை. அமோனியாவால் குளிரூட்டும் பிளான்ட் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை. விண்ணப்பங்களை, இரண்டு பக்கத்துக்கு மிகாமல், உப்பளத்திலுள்ள ஒரு வேலைவாய்ப்பு மையத்தின் வழியாக அனுப்ப வேண்டும்.

மையம் என்றால் ஒரு அறைதான். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், அதன் சூட்டில் சட்டை காயப் போடலாம். நடத்துபவள் சிவசங்கரி. முப்பது வயதிருக்கும். ஏழு பக்கத்தையும் புரட்டினாள். முதல் பக்கத்தில் தெயோ பிறந்தார். இரண்டாம் பக்கத்தில் ஞானஸ்நானம் முதல் பள்ளிக்கூடம் வரை. மூன்றாம் பக்கத்தில் முதல் வேலை.

"சார், உங்க கடைசி வேலை ஏழாம் பக்கத்துல வருது. அதுக்குள்ள படிக்கிறவரு ரிட்டயர் ஆயிடுவாரு."

"வரிசையாத்தானேம்மா எழுதணும்?"

"இது பைபிள் இல்ல சார், ஆதியிலேன்னு ஆரம்பிக்க. கடைசியா பார்த்த வேலை மொதல்ல வரணும். தட்டாஞ்சாவடி கம்பெனிக்கு முக்கால் பக்கம் தர்றேன். என்னென்ன மெஷின், எத்தனை பேரை மேய்ச்சீங்க, எதைச் சரி பண்ணி என்ன மிச்சமாச்சு, எல்லாம். அதுக்கு முன்னால இருக்கறது எல்லாம் சேர்த்து ஒரு வரி."

"ஒரு வரியா? ஏழு வேலைம்மா. பதினேழு வருஷம்."

அவள் பென்சிலை எடுத்தாள். பத்திரம் எழுதும் நோத்தேர் ஆபீசில் நகலெடுத்தது: ஒரு கோடு. துறைமுகப் பாலத்தில் மூட்டை எண்ணியது: ஒரு கோடு. சினிமா கொட்டகையில் புரொஜெக்டர் உதவியாள்: கோடு. படகு ரிப்பேர்க் கடை: கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் தெயோவின் உதடு லேசாகக் கோணியது.

"இது நாலும் இந்த வேலைக்குச் சம்பந்தம் இல்ல. மீதி மூணு மெஷின் வேலை. ஐஸ் ஃபேக்டரி, அரிசி ஆலை டீசல் என்ஜின், பஞ்சாலை. இதை மட்டும் 'முந்தைய அனுபவம்'னு கீழ ஒரு வரியில போடறேன். பேரும் பதவியும் போதும், வருஷம் வேணாம். அதுலயும் ஐஸ் ஃபேக்டரி மொதல்ல நிக்கணும். அவங்க கேக்கறதே அமோனியாதான்."

"வருஷம் இல்லாம?"

"அந்த வருஷத்தைப் பார்த்ததும் மனசுக்குள்ள உங்க வயசைக் கூட்டுவாங்க. அதே மாதிரி உங்க பிறந்த தேதியும், படிப்பு முடிச்ச வருஷமும் எடுத்துட்டேன். நேர்ல கேட்டா உள்ளதைச் சொல்லுங்க. பொய் சொல்லவே வேணாம். கேக்கறதுக்கு முன்னால சொல்லாம இருந்தா போதும்."

இதெல்லாம் நியாயம் என்று தெயோவின் மூளைக்குத் தெரிந்தது. ஆனால் திரையில் அந்த ஒற்றை வரியைப் பார்த்தார். கல்யாணப் பத்திரிகையில் கடைசியில் 'மற்றும் உற்றார் உறவினர்' என்று போடுவார்களே, அப்படி இருந்தது. அதிலும் மூன்று பேருக்குத்தான் இடம், நாலு பேர் பந்தலுக்கு வெளியே. நோத்தேர் ஆபீஸ் வேலை, அப்பா வாழ்நாளில் ஒரே ஒருமுறை கூட்டம் குறையக் காத்திருக்காமல் போய்க் கெஞ்சி வாங்கித் தந்தது. சினிமா கொட்டகையில்தான், படம் அறுந்து விளக்குப் போட்டபோது, பெண்கள் பக்கம் உட்கார்ந்து எல்லாரையும் விட உரக்க விசிலடித்த மார்கரீத்தை முதலில் பார்த்தார்.

"ஏம்மா, ஏழையும் ஒரே வரியில போட முடியாதா?"

"அது வரியா இருக்காது சார், ரயிலா இருக்கும்."

தெயோவின் சாதி சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. விசேஷத்துக்குக் கூப்பிட்டால் எல்லாரையும் கூப்பிட வேண்டும். முடியாவிட்டால் ஒருத்தரையும் கூப்பிடாமல் கோயிலிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். பாதிப் பேரைக் கூப்பிட்டவன் ஊரில் தலைகாட்ட முடியாது.

"அப்ப அந்த வரியே வேணாம்மா. எடுத்துடு."

"சார், ஐஸ் ஃபேக்டரியாவது..."

"ஒருத்தரை மட்டும் கூப்பிட்டா மத்தவங்க மனசு என்ன பாடுபடும்? எடுத்துடும்மா."

வேலைகளுக்கு மனசு உண்டா என்று சிவசங்கரி கேட்கவில்லை. சொல்லிப் பார்த்தாள், இரண்டு முறை. வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். மூன்றாம் முறை பெருமூச்சு விட்டு வரியை அழித்தாள். அப்படியே கம்பெனிக்கு மெயிலில் அனுப்பினாள். நேரில் கொண்டுபோக ஒரு பிரதியும் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்த தெயோ அந்தப் பிரதியை மின்விசிறிக் காற்றில் பறக்காதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படித்தார். நன்றாகத்தான் இருந்தது. யாரோ கெட்டிக்காரன். ஆனால் படிப்பு என்ற இடத்தில் 'ப்ரெவே' என்று மட்டும் மொட்டையாக நின்றது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்து வாங்கிய ப்ரெவே, நம்மூர் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மாதிரி. அந்த வருஷம் தெருவிலேயே தேறியவர் அவர் ஒருவர்தான். அல்பேர் அண்ணன் அதே பரீட்சைக்கு இரண்டு முறை உட்கார்ந்தும் தேறாமல், அப்புறம்தான் தேசத்தைக் காக்கப் போனார். வருஷம் இல்லாத ப்ரெவேயை யார் நம்புவார்கள்? தெயோ நல்ல பேனாவைத் தேடி எடுத்து, நோத்தேர் ஆபீசில் பழகிய சாய்ந்த எழுத்தில், பக்கத்தில் அழகாக எழுதினார்: 1969.

வெள்ளிக்கிழமை நேர்முகம். மார்கரீத் அவர் தலைக்குச் சாயம் பூசியிருந்தாள். காதில் பட்ட சாயம் போகவில்லை. பயோடேட்டாவில் குறைத்த வயசெல்லாம் காதில் வந்து தேங்கியது மாதிரி இருந்தது.

கிடங்கு மேலாளர் இராமதாஸ், கடலூர்க்காரர், நாற்பது வயது எஞ்சினியர். மரியாதையாகத்தான் பேசினார். தெயோ நீட்டிய பிரதியில் தட்டாஞ்சாவடி முக்கால் பக்கத்தைப் படித்துத் தலையாட்டினார். தெயோவின் வயிற்றுக்குள் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. அப்புறம் இராமதாஸின் விரல் மெல்ல இறங்கி, சாய்ந்த எழுத்தில் வந்து நின்றது.

"அறுபத்தொன்பதுல படிப்பு முடிச்சிருக்கீங்க."

"ஆமா சார். ப்ரெவே."

"எண்பத்தாறுல தட்டாஞ்சாவடியில சேர்ந்திருக்கீங்க. நடுவுல பதினேழு வருஷம் இருக்கே சார்."

தெயோ அந்த இடத்தைப் பார்த்தார். வெள்ளைத் தாளில் அது வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு லாரி நுழையும் போலிருந்தது.

"வெளிநாட்டுல இருந்தீங்களா?"

"இல்லைங்க சார். இங்கதான்."

"உடம்பு ஏதும்..."

"இல்லைங்க."

இராமதாஸ் அதற்கு மேல் இருக்கக்கூடிய ஒரே சாத்தியத்தைக் கேட்காமல் நாகரிகமாக மேஜையைப் பார்த்தார். சிறைவாசத்தைப் பற்றித்தான் நினைக்கிறார் என்று தெயோவுக்குப் புரிந்தது.

"வேலை பார்த்தேன் சார். ஏழு வேலை. சுருக்கறப்ப விட்டுப்போச்சு."

"சரி, சொல்லுங்களேன்."

இந்த இடத்தில் ஐஸ் ஃபேக்டரி என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தெயோ வரிசை தவறாத மனிதர். எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் அவருக்கு வாய் வரும். நோத்தேர் ஆபீசில் தொடங்கினார். அப்பா கெஞ்சினதைச் சொன்னார். பத்திரத்தின் ஓரத்தில் எத்தனை விரற்கடை இடம் விட வேண்டும் என்று சொன்னார். அங்கிருந்து துறைமுகப் பாலத்துக்கு வந்து, கப்பலிலிருந்து படகுக்கு மூட்டை எப்படி இறங்கும் என்று கையால் காட்டினார். நிறுத்த வேண்டும் என்று அவருக்கே தெரிந்தது. இராமதாஸ் கடிகாரத்தைப் பார்ப்பதும் தெரிந்தது. ஆனால் இறக்கத்தில் பிரேக் அறுந்த சைக்கிள்போல வாய் போய்க்கொண்டே இருந்தது. சினிமா கொட்டகைக்குள் நுழைந்து, ரீல் அறுந்தால் எப்படி ஒட்டுவது என்று ஆரம்பித்தபோது இராமதாஸ் எழுந்து கை நீட்டினார்.

"ரொம்ப சந்தோஷம் சார். வெளிய நிறைய பேர் உக்காந்திருக்காங்க. சொல்லி அனுப்பறோம்."

தெயோ அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஐஸ் ஃபேக்டரி அடுத்தது. தொண்டை வரை வந்திருந்தது. அதை விழுங்கிக்கொண்டு வெளியே வந்து, சாலையோரம் வேப்ப மரத்தடியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். இறால் ஏற்றிய லாரி ஒன்று தண்ணீர் ஒழுகப் போயிற்று. அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி காலில் பட்டதும் அவருக்கு அழுகை வந்தது. சாயம் கரையக் கூடாது என்று அடக்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை சிவசங்கரி மையத்தைத் திறக்கும்போதே தெயோ வாசலில் நின்றார். நடந்ததைச் சொன்னார். அதையும் முதலிலிருந்துதான் சொன்னார். பேனாவால் வருஷம் எழுதியதைக் கேட்டதும் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வேலையை எல்லாம் எடுக்கச் சொன்னீங்க. எடுத்தேன். வருஷத்தை மட்டும் நீங்களே எழுதிட்டீங்க. ஓட்டையையும் போட்டு, ஓட்டைக்கு அளவும் எழுதிக் குடுத்திருக்கீங்க சார்."

"ப்ரெவேம்மா அது."

"தெரியுது சார்."

"நாளைக்கு அண்ணன் வர்றாரு," என்றார் தெயோ. அதற்கு மேல் சொல்ல வரவில்லை. வலது கை முதுகுக்குப் பின்னால் போனது.

சிவசங்கரி அவரைத் திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்ததை எங்கேயோ வைத்துவிட்டு, மவுசை இழுத்தாள். முந்தைய அனுபவம்: ஐஸ் ஃபேக்டரி, அமோனியா கம்ப்ரசர் ஆபரேட்டர். அரிசி ஆலை, என்ஜின் மெக்கானிக். பஞ்சாலை, உதவி ஃபிட்டர். ஒரு வரி. ப்ரெவே, வருஷம் இல்லாமல். அனுப்பிவிட்டு, போனை எடுத்தாள்.

"அவரு கிட்ட பேசறேன். குடுத்தா ஒரு வாக்கியம்தான் சார். ஒரே ஒரு வாக்கியம். நோத்தேர் வரக்கூடாது. பாலம் வரக்கூடாது. கொட்டகை வரவே கூடாது. எங்கிட்ட ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க."

"மொதல்ல நான் நோத்..."

"சார்."

மூன்றாம் முறைதான் அந்த ஒரு வாக்கியம் வந்தது. அவள் எண்ணை அழுத்தினாள்.

"வணக்கம் சார், உப்பளம் மையத்துலேருந்து பேசறேன். நேத்து வந்த தெயோ சாரோட ரெஸ்யூம்ல எங்க சென்டர்ல ஒரு வரி விட்டுப்போச்சு. தப்பு எங்களுது. இப்ப மெயில் போட்டிருக்கேன், ஒரு நிமிஷம் பாருங்க. அவரு பக்கத்துலதான் இருக்காரு."

தப்பு எங்களுது என்று அவள் சொன்னதும் தெயோ ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் போன் அவர் காதுக்கு வந்துவிட்டது.

ஒரு நொடி எல்லாரும் வந்து நின்றார்கள். கூட்டம் குறையக் காத்திருந்த அப்பா, படகுக்காரர்கள், ரீல் பெட்டியைச் சுமந்தவர், பெண்கள் பக்கத்தில் விசிலடித்தவள். தெயோ கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், நான் உப்பளம் ஐஸ் ஃபேக்டரில நாலு வருஷம் அமோனியா கம்ப்ரசர் ஓட்டிருக்கேன், அப்புறம் இருபது வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்திருக்கேன், உங்க கிடங்குக்கு ரெண்டும் வேணும்."

அந்தப் பக்கம் தாள் புரளும் ஓசை.

"லீக் எந்த ஜாயிண்டுன்னு எப்படிப் பார்ப்பீங்க?" என்றார் இராமதாஸ்.

"லீக் இருக்குன்னு மூக்கு சொல்லிடும் சார். எந்த ஜாயிண்டுன்னு கந்தகத் திரி சொல்லும். பத்தவச்சுக் கிட்ட கொண்டுபோனா வெள்ளையா புகை அடிக்கும்."

"இதை நேத்தே சொல்லிருக்கலாமே சார்."

"நேத்து கொட்டகை வரைக்கும்தான் வந்தேன் சார். ஐஸ் ஃபேக்டரி அடுத்தது."

இராமதாஸ் சிரித்தாரா, இருமினாரா என்று தெரியவில்லை. பிறகு விஷயத்துக்கு வந்தார். சூப்பர்வைசர் வேலைக்கு நேற்றே ஒருவரை முடிவு செய்து கடிதமும் அனுப்பியாகிவிட்டது. அதை மாற்ற முடியாது. ஆனால் ராத்திரி ஷிப்டுக்கு கம்ப்ரசர் ஆபரேட்டர் ஒருவர் வேண்டும். ஒரு வருஷ கான்டிராக்ட். அப்புறம் பார்க்கலாம்.

"உங்க அனுபவத்துக்கு இது கம்மிதான். யோசிச்சு..."

"திங்கக்கிழமை வர்றேன் சார்," என்றார் தெயோ. வாழ்க்கையிலேயே மிகச் சுருக்கமாகச் சொன்னது அதுதான்.

போனைத் திருப்பித் தந்தார். இருபத்து மூன்று வயதில் பார்த்த வேலைக்கே திரும்பப் போகிறார். இருபது வருஷம் ஏறிய படியெல்லாம் முக்கால் பக்கமாக மேலே நிற்க, அடியிலிருந்த அரை வரி அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டது. அதைத்தான் அவர் அழிக்கச் சொன்னார்.

"ஏம்மா, தப்பு உங்களுதுன்னு..."

"விடுங்க சார். வரியை அழிச்சது என் கைதானே." ஜெராக்ஸ் மெஷினை முடுக்கினாள். "அடுத்த தடவை எழுதறப்ப இந்த வேலைதான் மேல வரும். ஞாபகம் வச்சுக்குங்க. பேனா மட்டும் எடுக்காதீங்க."

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மார்கரீத் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்புறம், "அந்தப் புதுத் தாள்ல கொட்டகை இருக்கா?" என்றாள்.

"இல்ல."

"அப்ப நானும் இல்ல."

"நீ வரியில அடங்க மாட்ட."

"சமாளிக்காதீங்க," என்றாள். ஆனாலும் அவர் காதிலிருந்த சாயத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அல்பேர் வந்தார், கையில் ஒரு பொட்டலம். பிரித்தால் காக்கிச் சட்டை. தோளில் தங்கப் பட்டை, மார்பில் விடுதியின் பெயர் சிவப்பு நூலில். அளவெடுத்த கையோடு தைக்கக் கொடுத்துவிட்டாராம். தெயோ ஒரே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். பழக்கம் வந்திருந்தது.

"ராத்திரி வேலையா? இந்த வயசுலயா? கம்ப்ரசர் கிட்டயா?" என்றார் அல்பேர். "என் கேட்டுல மின்விசிறி வச்சிருக்கேன்டா."

"அங்க அதைவிடக் குளிர் அண்ணே."

அல்பேர் சட்டையை மறுபடி மடித்தார். பிறகு, "சரி, துணி நல்ல துணி. வச்சுக்கோ," என்று சொல்லி எழுந்தார். வாசற்படியில் கொஞ்சம் தடுமாறினார். தெயோ கையைப் பிடித்து இறக்கிவிட்டார். சல்யூட் எதுவும் தேவைப்படவில்லை.

மத்தியானம் மார்கரீத் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊசியால் தையல் தையலாகப் பிரித்துத் தோளிலிருந்த தங்கப் பட்டையை எடுத்தாள். அப்புறம் மார்பிலிருந்த சிவப்பு எழுத்துகளை, கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக. துணியில் ஊசி போன துளைகள் மட்டும் தெரிந்தன.

"இது மறையாது போலிருக்கே," என்றார் தெயோ.

"துவைச்சா மறையும். ராத்திரியில யாரு பார்க்கப் போறாங்க?" என்று சொல்லி, சட்டையை உதறி அவரிடம் நீட்டினாள். "போட்டுப் பாருங்க. கை நீளமா இருந்தா வெட்டிடறேன்."

கை நீளமாகத்தான் இருந்தது. தெயோ வலது கையை அவளிடம் நீட்டிக்கொண்டு நின்றார்.